நல்ல செய்தி இல்லாத நாளில் பணம் தந்தவர்களுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: என் நண்பனுக்கு ரத்தப் புற்றுநோய். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்காக நான்தான் நிதி திரட்டும் பக்கம் ஆரம்பித்தேன், 412 பேர் தந்தார்கள். செல் ஏற்றிய 17ஆம் நாள் "செல் ஒட்டிவிட்டது, இன்னும் இரண்டே வாரத்தில் வீடு" என்று சந்தோஷமாக எழுதினேன். 26ஆம் நாள் நுரையீரலில் தொற்று வந்து ஐசியுவுக்குப் போய்விட்டான். இன்று 41ஆம் நாள். அந்தக் குறிப்புக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒருவர் "பணம் என்ன ஆச்சு" என்றும் கேட்டுவிட்டார். அவன் மனைவிக்கு எல்லாவற்றையும் வெளியே சொல்வதில் விருப்பமில்லை. இன்னும் பணமும் தேவைப்படும். என்ன எழுதுவது?

பதில்: இன்று ராத்திரியே எழுதிப் போட்டுவிட வேண்டும் என்று உட்காராதீர்கள். 24 நாள் போய்விட்டது, இன்னும் ஒரு நாள் போவதால் எதுவும் கெட்டுவிடாது. முதலில் அவர் மனைவியோடு ஒரு கால் மணி நேரம் பேசுங்கள். நான் மாற்று சிகிச்சைப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன், பணம் திரட்டும் குடும்பங்களோடு உட்கார்ந்து இந்த மாதிரிக் குறிப்புகளை எழுதித் தருவது என் வேலையில் ஒரு பகுதி. அந்தக் கால் மணி நேரத்தைத் தவிர்த்துவிட்டு நேராக எழுதப் போனவர்கள் பெரும்பாலும் எழுதியதை மறுநாளே அழிக்க வேண்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அழித்தாலும் பலனில்லை, அதற்குள் அது நாலு வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருக்கும்.

அவரிடம் "என்ன எழுதட்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஐசியு வாசலில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு அந்தக் கேள்விக்கு "ஒண்ணும் எழுத வேண்டாம்" என்பதைத் தவிர வேறு பதில் தோன்றாது. தனித்தனியாகக் கேளுங்கள். ஐசியுவில் இருப்பதைச் சொல்லலாமா, தொற்று என்று சொல்லலாமா, எந்த வகைத் தொற்று என்று சொல்லலாமா, வெண்டிலேட்டர் வைத்திருந்தால் அதைச் சொல்லலாமா, மருத்துவர் உங்களிடம் சொன்ன கணிப்பைச் சொல்லலாமா, படம் போடலாமா, பணக்கணக்கைப் போடலாமா. ஒவ்வொன்றுக்கும் சரி, வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம் என்று மூன்றில் ஒரு பதில் போதும். இப்படிக் கேட்டால் பல குடும்பங்கள் ஐசியுவையும் தொற்றையும் சொல்லச் சம்மதிக்கிறார்கள். படம், கணிப்பு, உடல் இளைத்தது, நினைவு தடுமாறியது போன்றவைதான் வேண்டாம் என்கிறார்கள். அந்த வேண்டாமுக்குக் காரணம் கேட்காதீர்கள், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வியும் கட்டாயம் கேட்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: "அவன் ஐசியுவில் இருப்பது இன்னும் தெரியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா?" வயதான அம்மாவிடம் வார்டில்தான் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருப்பார்கள். குழந்தைக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் அதன் வகுப்புத் தோழியின் அப்பா உங்கள் 412 பேரில் ஒருவராக இருப்பார். குறிப்பு நிதிப் பக்கத்தில் வருவதற்கு முன் போனில் சொல்ல வேண்டியவர்கள் யார் யார் என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள். அந்த போன்கள் முடிந்த பிறகுதான் குறிப்பு வெளியே போக வேண்டும். நண்பர் மயக்க மருந்தில் இல்லாமல் பேசும் நிலையில் இருந்தால் அவரிடமே கேளுங்கள். மயக்கத்தில் இருந்தால், நன்றாக இருந்தபோது அவர் எதுவரை ஒப்புக்கொண்டாரோ அந்த எல்லையைத் தாண்டாதீர்கள், மனைவி சம்மதித்தாலும்கூட.

பணம் தந்தவர்களுக்கு எவ்வளவு தெரிய உரிமை உண்டு என்பதில்தான் உங்களுக்குக் குழப்பம் என்று நினைக்கிறேன். என் கருத்து இது: பணக்கணக்கில் தாராளமாக இருங்கள், உடம்பு விஷயத்தில் சிக்கனமாக இருங்கள். பணம் எங்கே போனது என்பதை அவர்கள் கேட்காமலே முழுதாகச் சொல்ல வேண்டும். நோயாளியின் ரத்தப் பரிசோதனை எண்ணோ ஸ்கேன் படமோ அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை. உங்கள் நண்பரின் மனைவி பயப்படுவது இரண்டாவதைப் பற்றி, பக்கத்தில் கேள்வி கேட்டவர் கேட்டிருப்பது முதலாவதைப் பற்றி. இரண்டும் மோதவே இல்லை.

அடுத்தது அந்தப் பழைய குறிப்பு. நீங்கள் பொய் சொல்லவில்லை. நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாள் 500ஐத் தாண்டி நின்றால் செல் ஒட்டிவிட்டது என்று மருத்துவர்கள் சொல்வார்கள், 17ஆம் நாளில் அது நடப்பது வழக்கமான விஷயம்தான். ஆனால் செல் ஒட்டுவது என்றால் புது மஜ்ஜை வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். எதிர்ப்புச் சக்தி திரும்பி வர மாதக்கணக்காகும். புதுச் செல் பழைய உடம்பைத் தாக்காமலிருக்கத் தரும் மருந்துகளும் அந்தச் சக்தியை அடக்கியே வைத்திருக்கும். அதனால்தான் முதல் 100 நாளை மாற்று சிகிச்சைப் பிரிவில் தனியாக எண்ணிக்கொண்டிருப்போம். இது உங்கள் வாசகர்களுக்குத் தெரியாது. "ஒட்டிவிட்டது" என்றதும் பிழைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, சிலர் மனசுக்குள் இந்தக் கதையை முடித்துவைத்திருப்பார்கள்.

நான் வேலைக்கு வந்த புதிதில் இதே தவறைச் செய்தேன். ஒரு பெண்ணுக்கு எண்ணிக்கை ஏறியதும், அவள் அண்ணனோடு சேர்ந்து "ஆபத்து நீங்கிவிட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். நாலாம் நாள் பூஞ்சைத் தொற்று. அடுத்த குறிப்பு எழுத அந்த அண்ணனுக்குக் கை வரவில்லை, ஐந்து வாரம் எதுவும் எழுதவில்லை. அப்புறம் எழுதியபோது பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நோய் முற்றியதற்கானது இல்லை, ஐந்து வாரமாக அவள் வீட்டில் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்ததற்கானது. அன்றிலிருந்து நான் யாருக்கு எழுதித் தந்தாலும் நடந்து முடிந்ததை மட்டும் எழுதுகிறேன். வரப்போகும் தேதி எதையும் எழுத விடுவதில்லை, வீடு திரும்பும் தேதியை நிச்சயமாக விடுவதில்லை.

அதனால் பழைய குறிப்பைச் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள், நீக்காதீர்கள். படித்தவர்கள் திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள். அது காணோம் என்றால் பணக்கணக்கின் மேலும் சந்தேகம் வரும். புதுக் குறிப்பில் அதைப் பெயர் சொல்லித் திருத்துங்கள், ஒரு வரி போதும். இத்தனை நாள் எழுதாததற்கும் ஒரே ஒரு வரி. இந்த இடத்தில் உங்கள் மனவேதனையை ஒரு பத்தி எழுதத் தோன்றும், ஏனென்றால் உண்மையிலேயே வேதனைப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் படிப்பவர் முதல் பத்தியில் தேடுவது உங்கள் நண்பரை.

ஒரு வார்த்தையை மட்டும் தவிர்க்கச் சொல்கிறேன்: "ஸ்டேபிள்". ஐசியுவில் மருத்துவர் அதைச் சொல்லும்போது, பல நேரம் நேற்றைக்கும் இன்றைக்கும் பெரிய மாற்றமில்லை என்றுதான் பொருள். வெண்டிலேட்டரில் இருக்கிறவரும் ஸ்டேபிளாக இருக்கலாம். வெளியே படிப்பவருக்கோ தேறி வருகிறார் என்று கேட்கும். அதற்குப் பதிலாகக் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். ஆக்சிஜன் தேவை மூன்று நாளாக ஒரே அளவில் இருக்கிறது, காய்ச்சல் இரண்டு நாளாக இல்லை, கூப்பிட்டால் கண் திறக்கிறார், இப்படி. எழுதுகிற நாளையும் நேரத்தையும் போடுங்கள், ஏனென்றால் ஐசியு நிலைமை சாயங்காலத்துக்குள் மாறும். சதவீதக் கணக்கில் பிழைக்கும் வாய்ப்பை எழுதவே வேண்டாம். அது குடும்பத்துக்கு ஒரு மூடிய அறையில் சொல்லப்பட்ட விஷயம்.

சரி, பணம். இங்கே பெரும்பாலானவர்கள் தெரியாமல் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தில் தெரியும் மொத்தத் தொகை உங்கள் கைக்கு வந்த தொகை கிடையாது, நீங்கள் மருத்துவமனையில் கட்டிய தொகை செலவான தொகையும் கிடையாது. பல தளங்களில் தளத்தின் கட்டணமோ பணப் பரிமாற்றக் கட்டணமோ கழிந்துதான் வரும். மருத்துவமனையில் கட்டியதில் ஒரு பகுதி அட்வான்ஸாக அங்கேயே இருக்கும். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாவிட்டால், நாளைக்கு யாராவது இரண்டு எண்ணை ஒப்பிட்டு மீதி எங்கே என்று கேட்பார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்க மாட்டார், கணக்கு நிஜமாகவே இடிக்கும். கணக்கு எழுதும் நாளில் பில்லிங் பிரிவில் இடைக்கால பில் ஒன்று கேட்டு வாங்குங்கள், கையில் இருக்கும் ரசீதுகளை வைத்து மட்டும் கூட்டாதீர்கள். காப்பீட்டிலிருந்து ஏதாவது வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், மறைத்தது பிறகு தெரிந்தால் மற்ற எல்லா எண்ணும் பொய்யாகத் தெரியும்.

கீழே ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன். உங்கள் நிலைமை முழுதாக எனக்குத் தெரியாததால் விவரங்களையும் தொகைகளையும் நானே வைத்து நிரப்பியிருக்கிறேன், நீங்கள் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் உள்ள மருத்துவ விவரங்கள் எல்லாம் அவர் மனைவி சரி என்று சொன்னதாக வைத்துக்கொண்டு எழுதியது.

"ஞாயிறு, காலை 10 மணி. செல் ஏற்றிய 42ஆம் நாள்.

அவன் ஐசியுவில் இருக்கிறான். 26ஆம் நாள் நுரையீரலில் தொற்று வந்தது. ஆறு நாள் வெண்டிலேட்டர் தேவைப்பட்டது, இப்போது அது எடுக்கப்பட்டு அதிக அளவு ஆக்சிஜன் தரப்படுகிறது. கூப்பிட்டால் பார்க்கிறான், தலையசைக்கிறான். தொற்றுக்கான மருந்து தொடர்கிறது. எப்போது வார்டுக்கு வருவான் என்பது இன்று யாருக்கும் தெரியாது.

17ஆம் நாள் நான் இரண்டு வாரத்தில் வீடு என்று எழுதியது தவறு. செல் ஒட்டியது உண்மை, இன்றும் அது வேலை செய்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் தொற்று அபாயம் நிறைய இருக்கும் என்பதை நான் எழுதவில்லை. இத்தனை நாள் எழுதாமல் விட்டதற்கும் மன்னிக்க வேண்டும்.

பணம்: நீங்கள் தந்தது 13,40,000. கட்டணங்கள் 67,000 போக வந்தது 12,73,000. மருத்துவமனையில் கட்டியது 10,50,000, அதில் நேற்று வரையிலான பில் 9,82,000, மீதி 68,000 அட்வான்ஸாக அங்கே இருக்கிறது. வெளியே வாங்கிய மருந்து, பரிசோதனை 96,000. வங்கியில் இருப்பது 1,27,000. ஆக, இன்னும் செலவாகாமல் இருப்பது 1,95,000. பில்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் எனக்கு எழுதுங்கள், காட்டுகிறேன்.

மாற்று சிகிச்சையை முதலில் சொன்ன தேதியிலேயே தொடங்க முடிந்தது உங்களால்தான். பணம் சேரட்டும் என்று ஒரு நாள்கூட அதைத் தள்ளிவைக்க வேண்டி வரவில்லை. அதற்கு நானும் அவன் வீட்டாரும் நன்றி சொல்கிறோம். பிளேட்லெட் தர வந்தவர்களுக்கும்.

குடும்பத்தினரை நேரில் போய்ப் பார்க்கவோ போனில் கூப்பிடவோ வேண்டாம். கேள்வி எதுவானாலும் எனக்கு எழுதுங்கள். அடுத்த குறிப்பு அடுத்த ஞாயிறு, சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் வரும்."

நன்றியைக் கடைசிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் வரியிலேயே நன்றி என்று ஆரம்பித்தால், கெட்ட செய்திக்கு முன்னால் தடவிக் கொடுப்பது போல இருக்கும். கணக்குக்கு அடுத்து வரும்போது எதற்கு நன்றி என்பது தெளிவாக இருக்கும். சிகிச்சை தள்ளிப்போகாததைப் போல, பணம் நிஜமாகச் செய்த ஒரு காரியத்தைக் கண்டுபிடித்து அதைச் சொல்லுங்கள். கொடுத்தவர்கள் பெயரைப் போடாதீர்கள், பெரிய தொகை தந்தவரைத் தனியாகக் குறிப்பிடாதீர்கள். பெயர் வெளியே வரக் கூடாது என்று தந்தவர்கள் உண்டு, வீட்டுக்குத் தெரியாமல் தந்தவர்களும் உண்டு. பெரிய தொகை தந்தவர்களை மட்டும் குறிப்பிட்டால், சின்னத் தொகை தந்தவருக்குத் தன் பெயர் இல்லாதது உறுத்தலாம். அப்புறம், படுக்கையிலிருந்து நண்பரை நன்றி சொல்ல வைத்து வீடியோ எடுக்கும் யோசனையை யாராவது தருவார்கள். மறுத்துவிடுங்கள். அவர் தேறி எழுந்து, தானாகவே பேச விரும்பினால் அது வேறு.

பில்லின் படத்தைப் பக்கத்தில் போடச் சொல்லி யாராவது கேட்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் நோயாளி எண், பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர், பார்கோடு எல்லாம் இருக்கும். ஒன்றை மறைத்து இன்னொன்றை விட்டுவிடுவோம். அந்தப் படத்தை எடுத்து இதே போல ஒரு போலிப் பக்கம் ஆரம்பிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்பவருக்கு மட்டும் தனியாக, பெயரையும் மொத்தத் தொகையையும் தவிர மற்றதை மறைத்துக் காட்டினால் போதும். "பணம் என்ன ஆச்சு" என்று கேட்டவருக்கும் அப்படியே செய்யுங்கள். கணக்கு வெளியான பிறகு அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதி, கணக்கு இப்போது பக்கத்தில் இருக்கிறது, பில் வேண்டுமானால் அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். உங்களைச் சந்தேகப்பட்டது வலிக்கத்தான் செய்யும், ஆனால் 24 நாள் எதுவும் தெரியாமல் இருந்தவருக்கு அது நியாயமான கேள்விதான்.

இன்னும் பணம் வேண்டும் என்பது இந்தக் குறிப்பில் வரவே கூடாது. ஐசியு செய்தியும் வேண்டுகோளும் ஒரே இடத்தில் வந்தால், 24 நாள் பேசாதவர் பணத்துக்காகத்தான் திரும்ப வந்தார் என்று படிப்பவருக்குத் தோன்றும், நீங்கள் எவ்வளவு நல்ல எண்ணத்தில் எழுதியிருந்தாலும். அடுத்த ஞாயிறு குறிப்பு வந்த பிறகு, தனியாக எழுதுங்கள். அப்போது இலக்குத் தொகையை ஏன் கூட்டுகிறீர்கள் என்பதற்கு எண் வேண்டும்: முதலில் மருத்துவமனை தந்த மதிப்பீட்டில் எத்தனை நாள் ஐசியு சேர்த்திருந்தது, இதுவரை எத்தனை நாள் ஆகியிருக்கிறது, ஒரு நாளுக்கு என்ன ஆகிறது, கையிருப்பு எத்தனை நாள் தாங்கும். என் மாதிரிக் கணக்கின்படி ஒரு நாளைக்கு 39,000 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 1,95,000 என்பது ஐந்து நாள். அந்த நிலைமை வந்துவிட்டால் ஞாயிறுவரை காத்திருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். இரண்டு குறிப்புக்கும் இடையில் இரண்டு நாளாவது விடுங்கள். அந்த இரண்டு நாளில் பில்லிங் பிரிவிலும், அங்கே சமூகப் பணியாளர் இருந்தால் அவரிடமும், தவணைக்கோ உதவி நிதிக்கோ வழியுண்டா என்று கேட்டுவிடுங்கள். கேட்டுவிட்டோம் என்பதையும் வேண்டுகோளில் எழுதலாம். இரண்டாவது முறை கேட்கும்போது முதல் முறை அளவுக்கு வருவது அரிது. அதனால் முழுத் தொகையைக் கேட்காமல் அடுத்த பத்து நாளுக்கு என்ன தேவையோ அதைக் கேளுங்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பிழைக்காமல் போனால் என்ன எழுதுவது என்ற பயமும் உங்கள் கையைக் கட்டிப்போட்டிருக்கும் என்று நினைக்கிறேன், அது எல்லோருக்கும் வருவதுதான். அதற்கான வாசகத்தை இப்போது எழுதி வைக்காதீர்கள், அதை யாராலும் தாங்க முடியாது. இரண்டு முடிவுகளை மட்டும், மனைவியிடம் இல்லாமல் அவர் அண்ணனோ நெருங்கிய உறவினரோ யாராவது ஒருவரிடம், முன்னதாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி நேர்ந்தால் பக்கத்தில் பணம் வாங்குவதை யார் அன்றைக்கே நிறுத்துவது என்பது ஒன்று. செய்தி தெரிந்ததும் துக்கத்தில் சிலர் பணம் அனுப்புவார்கள், சிகிச்சைக்கு என்று வந்த பணத்தோடு அது கலந்துவிடக் கூடாது. மீதித் தொகை என்ன ஆகும் என்பது மற்றொன்று. மருத்துவமனை பாக்கியை முதலில் தீர்த்து, அதற்கு மேல் இருந்தால் தளத்தின் விதி என்ன சொல்கிறது என்று பார்த்து, குடும்பத்துக்கா வேறு நோயாளிக்கா என்பதைத் தந்தவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். அவர் நன்றாகத் தேறி வந்து பணம் மிஞ்சினாலும் இதே முறைதான். அதனால் இந்தப் பேச்சை மிச்சப் பணத்தைப் பற்றிய பேச்சாகவே ஆரம்பிக்கலாம்.

நாளைக்கு மருத்துவமனைக்குப் போகும்போது வரைவைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவர் மனைவிக்கு வாசித்துக் காட்டுங்கள், போனில் அனுப்பிப் படிக்கச் சொல்லாதீர்கள். எந்த வரியில் அவர் முகம் மாறுகிறதோ அந்த வரியை அங்கேயே அடித்துவிடுங்கள்.